ஸ்டூடன்ட் கிரேடா, ஆர்ட்டிஸ்ட் கிரேடா? ஒரு நீல வானம் தீட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

புதிதாக வாட்டர்கலர் தொடங்குகிறவர்கள் பலரும் கையில் இருக்கும் காசை பெயின்ட்டில் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு ஒரு டிராயிங் நோட்டு வாங்குவார்கள். வானம் திட்டுத் திட்டாக வந்ததும் பழி பெயின்ட் மேல் விழும். பாதிக்கு மேல் அது பேப்பரின் குற்றம். எது எதனால் என்று பிரித்துப் பார்க்க ஒரே ஒரு நிறம் போதும்: அல்ட்ராமரீன் நீலம்.

படி 1: ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தில் இருக்கும் பெயர் கம்பெனி வைத்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் நிறமி எண்தான் சொல்லும். அல்ட்ராமரீன் என்றால் PB29. கோபால்ட் நீலம் என்றால் PB28.

வாட்டர்கலர் என்பது அரைத்த நிறமியும் அதைப் பேப்பரில் ஒட்டவைக்கும் கருவேலப் பிசின் வகைப் பசையும் சேர்ந்தது. காய்ந்து வெடிக்காமல் இருக்க கிளிசரினோ தேனோ கொஞ்சம் சேர்ப்பார்கள். பழகுவோருக்கான மலிவான ஸ்டூடன்ட் கிரேடில் நிறமியைக் குறைத்து, அந்த இடத்தை வெள்ளை நிரப்புப் பொடியால் ஈடுகட்டுவார்கள். விலை இறங்குவதற்கு முக்கியக் காரணம் இதுதான். இன்னொன்று, விலை உயர்ந்த நிறமிக்குப் பதிலாக மலிவான நிறமிகளைக் கலந்து அதே சாயலைக் கொண்டுவருவது. பெயருக்குப் பின்னால் 'ஹ்யூ' என்று இருந்தால் அதுதான் பொருள். 'கோபால்ட் புளூ ஹ்யூ' ட்யூபில் PB28 இருக்காது. சில சமயம் PB29-உடன் ஏதாவது ஒரு வெள்ளை இருக்கும்.

இது ஏமாற்று வேலை இல்லை. ஆனால் கலக்கும்போது தொந்தரவு தரும். மூன்று நிறமி உள்ள ட்யூபை இன்னொரு மூன்று நிறமி ட்யூபோடு கலந்தால் தட்டில் ஆறு நிறமிகள் சேர்கின்றன. கிடைப்பது பெரும்பாலும் சேற்று நிறம்தான்.

அல்ட்ராமரீன் மலிவான நிறமி. அந்தக் காலத்தில் வெள்ளை வேட்டிக்குப் போட்ட நீலப்பொடியும் இதே பொருள்தான். அதனால் ஸ்டூடன்ட் கிரேடிலும் பெரும்பாலும் உண்மையான PB29-ஐயே போடுவார்கள். நிறமி ஒன்றே என்பதால் அளவு வித்தியாசத்தை மட்டும் தனியாகச் சோதிக்க இது வசதி.

படி 2: மிளகளவு பெயின்ட், ஒரு டீஸ்பூன் தண்ணீர்

இரண்டு கிரேடிலும் ஒரு மிளகளவு பெயின்ட் எடுத்து, தனித்தனிக் கிண்ணத்தில் ஒரு டீஸ்பூன் தண்ணீரில் கரையுங்கள். ஒரே பேப்பரில் பக்கத்துப் பக்கத்தில் ஒரு பட்டை தீட்டுங்கள். பிறகு இரண்டிலும் இன்னொரு டீஸ்பூன் தண்ணீர் விட்டு அடுத்த பட்டை. மூன்றாவது முறையும் அப்படியே.

ஈரமாக இருக்கும்போது பார்த்து ஏமாறாதீர்கள், முழுக்கக் காயவிடுங்கள். எல்லா வாட்டர்கலரும் காய்ந்தால் கொஞ்சம் வெளிறும். நிரப்புப் பொடி அதிகம் உள்ளது மட்டும் மேலே சாக்பீஸ் தூள் படிந்ததுபோல் மங்கும். மூன்றாவது பட்டையில் ஆர்ட்டிஸ்ட் கிரேட் இன்னும் நீலமாக இருக்க, மற்றது கழுவிவிட்டதுபோல் நிற்கும். சொரசொரப்பான பேப்பரில் இன்னொன்றும் தெரியும்: அல்ட்ராமரீன் துகள்கள் பேப்பரின் குழிகளில் இறங்கி மணல் மணலாகப் படியும். நிறமி குறைந்த பெயின்ட்டில் இந்த மணல்தன்மை பெரும்பாலும் மங்கலாகவே வரும்.

ஆர்ட்டிஸ்ட் கிரேட் என்றாலே வெளுக்காது என்று நினைக்க வேண்டாம். PR83 என்ற அலிசரின் கிரிம்சன், விலை உயர்ந்த ட்யூபில் வந்தாலும் வெயிலில் போய்விடும். அந்த இடத்துக்கு PV19 ரோஸ் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் பட்டையின் பாதியைக் கனமான அட்டையால் மூடி, ஜன்னலில் இரண்டு மூன்று மாதம் ஒட்டிவையுங்கள்.

படி 3: பேப்பர் ஏன் நெளிகிறது

இப்போது அதே நீலத்தில் 200 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள பேப்பர் ஒன்றின் நடுவில் மட்டும் தாராளமாகத் தண்ணீர் விட்டு வானம் தீட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் நடுப்பகுதி மேடும் பள்ளமுமாக எழும்பும். நார்கள் தண்ணீரைக் குடித்துப் பருத்து நடுப்பகுதி விரிகிறது, சுற்றிலும் காய்ந்த பகுதி விரியவில்லை. பெருத்த பகுதிக்குப் பக்கவாட்டில் இடம் இல்லாததால் மேலே எழுகிறது.

பெயின்ட் பள்ளத்தில் தேங்கும், மேடு முதலில் காயும். பள்ளத்தில் இருக்கும் ஈரம், பாதி காய்ந்த மேட்டுப் பகுதிக்குள் திரும்ப ஊர்ந்து, நிறமியைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் விட்டுவிடும். காலிஃபிளவர் போல விளிம்பு சுருண்ட கறை வருவது இதனால்தான். எவ்வளவு நல்ல ட்யூப் வாங்கினாலும் இது மாறாது.

காட்டன் பேப்பர் நெளியாது என்பார்கள். அது சரியில்லை. நெளிவது பெரும்பாலும் பேப்பரின் கனத்தையும் தண்ணீரின் அளவையும் பொறுத்தது. 300 ஜிஎஸ்எம் காட்டனும் தாள் முழுக்க நீர்த்த நிறத்தைப் பரப்பும் வாஷ் போட்டால் நெளியும், 640 ஜிஎஸ்எம் ஏறக்குறைய அசையாது. காட்டனின் லாபம் வேறு: ஈரத்தை அதிக நேரம் வைத்திருக்கும், மேலே மேலே வாஷ் போட்டாலும் பிய்ந்து உருளாது.

படி 4: பேப்பரை இழுத்து ஒட்டுவது

தேவையானவை: 28 × 38 செ.மீ. பேப்பர், அதைவிட எல்லாப் பக்கமும் 5 செ.மீ. பெரிய 12 மி.மீ. பிளைவுட், தண்ணீர் பட்டால் ஒட்டும் பழுப்புக் காகித டேப். பார்சலுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் பிரவுன் டேப்போ மாஸ்கிங் டேப்போ ஈரப் பேப்பரில் ஒட்டாது.

முதலில் டேப்பை நான்கு துண்டாக வெட்டிக் காய்ந்த இடத்தில் வையுங்கள். பேப்பரைப் பச்சைத் தண்ணீரில் ஊறவையுங்கள்: 200 ஜிஎஸ்எம் என்றால் இரண்டு மூன்று நிமிடம், 300 என்றால் ஐந்து. சுடுதண்ணீர் வேண்டாம், பேப்பருக்குள் இருக்கும் பசைப்பூச்சு கரைந்துவிடும். அது போனால் பெயின்ட் மையொற்றியில் விழுந்ததுபோல் உள்ளே இறங்கிவிடும். ஒரு மூலையை மெல்ல மடக்குங்கள். விறைப்பாக நிமிர்ந்தால் இன்னும் ஊற வேண்டும், மடங்கியபடி தொங்கினால் போதும்.

மூலையைப் பிடித்துத் தூக்கி நீரை வடியவிட்டு, பலகையில் பரப்புங்கள். ஓரங்களை மட்டும் ஸ்பஞ்சால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். டேப்பை நனைத்து, ஒன்றரை செ.மீ. பேப்பர் மேலும் மிச்சம் பலகை மேலும் வரும்படி அழுத்தி ஒட்டுங்கள். பலகையைப் படுக்கவைத்து ஒரு இரவு விடுங்கள். சாய்த்துவைத்தால் நீர் கீழே இறங்கி அந்தப் பக்க டேப் விட்டுப்போகும். ஹேர் டிரையர் அடித்தால் ஒரு பக்கம் முன்னால் சுருங்கி டேப்பைப் பிய்த்துவிடும்.

காலையில் விரலால் தட்டினால் மேளத்தோல் போல் விறைத்திருக்க வேண்டும். ஒரு மூலை விட்டிருந்தால் அதை மட்டும் ஒட்டிப் பயனில்லை, முழுவதையும் மறுபடி நனையுங்கள். வானம் தீட்டும்போது லேசாக எழும்பினாலும், காய்கையில் தானாகத் தட்டையாகிவிடும். முழுக்கக் காய்ந்த பிறகே பிளேடால் அறுத்தெடுங்கள்.

படி 5: காசை எங்கே போடுவது

பட்ஜெட் குறைவென்றால் ஸ்டூடன்ட் பெயின்ட்டும் நல்ல பேப்பரும் வாங்குங்கள். மாற்றிச் செய்ய வேண்டாம். 56 × 76 செ.மீ. முழுத்தாள் ஒன்றை எட்டாக வெட்டினால் 19 × 28 செ.மீ. துண்டுகள் கிடைக்கும், பழக அதுவே தாராளம். பிறகு 5 மி.லி. ஆர்ட்டிஸ்ட் ட்யூப் ஒவ்வொன்றாக: PB29, PV19, PY154 மஞ்சள். மூன்றும் ஒற்றை நிறமி, இரண்டிரண்டாகக் கலக்கினால் எளிதில் சேறாகாது.

ஏற்கெனவே நெளிந்துபோன படம் இருந்தால், பின்பக்கத்தில் மட்டும் லேசாகத் தண்ணீர் தெளித்து, இரண்டு சுத்தமான பேப்பருக்கு நடுவில் வைத்து, கனமான புத்தகங்களை ஒரு நாள் ஏற்றிவையுங்கள். நெளிவு போகும், காலிஃபிளவர் கறை போகாது.