காம்பா, தட்டையா? கொலோனோஸ்கோப்பி படத்தில் பாலிப்பின் வடிவத்தை எழுதும் முறை

தர்மபுரியில் எங்கள் எண்டோஸ்கோப்பி அறைக்குப் புதிதாக வந்த பயிற்சி மருத்துவர் ஒருநாள் எழுதிய ரிப்போர்ட் இது: "சிக்மாய்டில் பெரிய பாலிப் ஒன்று. ஏறுகுடலில் சிறிய பாலிப் ஒன்று." அவ்வளவுதான். நோயாளி பாலக்கோடு பக்கத்துத் தக்காளி விவசாயி, வயது 58, மலத்தில் ரத்தம் போகிறது என்று வந்தவர். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"பெரியது, சிறியது என்று எழுதியிருக்கியேம்மா, இதில் எது ஆபத்து?" என்று கேட்டேன்.

"பெரியதுதான் சார்."

இல்லை. ஏன் இல்லை என்று அன்று மாலை அதே படங்களை வைத்து அவருக்குக் காட்டினேன். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கொலோனோஸ்கோப்பி படங்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் டெக்னீஷியன்களுக்குமானது இது. கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு தேடி வந்த நோயாளியாக இருந்தால் உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். ஒரு படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது.

படி 1: படத்தைப் படிக்கும்படி எடுங்கள்

பாலிப்பின் மேல் மலமோ சளியோ நுரையோ இருந்தால் வடிவம் பொய் சொல்லும். முதலில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பிறகு ஒவ்வொரு பாலிப்புக்கும் குறைந்தது மூன்று படங்கள் வேண்டும்: சுற்றியுள்ள குடல் மடிப்புகளோடு தூரத்திலிருந்து ஒன்று, கிட்டப் போய் ஒன்று, கொஞ்சம் காற்றை உறிஞ்சிவிட்டு ஒன்று.

மூன்றாவதைப் பலர் எடுப்பதில்லை. குடலைக் காற்றால் நன்றாக ஊதினால் சுவர் இழுபட்டு, லேசாக மேடான பாலிப் சுவரோடு சுவராகப் படிந்துவிடும். காற்றைக் குறைத்ததும் அது எழுந்து நிற்கும். அந்த விவசாயியின் ஏறுகுடல் பாலிப், முழுக்க ஊதிய படத்தில் வெறும் சிவப்புத் திட்டாகத்தான் தெரிந்தது.

படி 2: காம்பைத் தேடுங்கள்

மாங்காய் காம்பில் தொங்குவதுபோல, தலை ஒன்றாகவும் அதைக் குடல் சுவரோடு சேர்க்கும் மெல்லிய தண்டு ஒன்றாகவும் இருந்தால் அது காம்புள்ள பாலிப். பாரிஸ் வகைப்பாட்டில் இதற்கு `0-Ip` என்று குறியீடு. தட்டில் வைத்த களி உருண்டை மாதிரி அடிப்பாகமும் அகலமாகவே உட்கார்ந்திருந்தால் அது காம்பற்றது, `0-Is`. இரண்டுக்கும் நடுவில், குட்டையான தடித்த காம்போடு சில இருக்கும். அவை `0-Isp`.

கேட்க எளிதாக இருக்கிறது. படத்தில் பார்க்கும்போதுதான் ஏமாறுவோம். கேமரா நேர் எதிரே நின்றால் தலை முழுவதும் கண்ணை மறைத்துக்கொள்ளும், பின்னால் இருக்கும் காம்பு தெரியாது. எங்கள் விவசாயியின் சிக்மாய்டு பாலிப் முதல் படத்தில் குடலை அடைத்துக்கொண்டு நின்ற சிவந்த உருண்டை. பார்த்த யாரும் `0-Is` என்றுதான் சொல்லியிருப்பார்கள். மூடிய பயாப்ஸி ஃபோர்செப்ஸால் தலையை மெதுவாக ஒரு பக்கம் புரட்டினோம். அடியிலிருந்து கிட்டத்தட்ட ஒரு செ.மீ. நீளக் காம்பு வெளியே வந்தது. மண்டியில் காய் பார்ப்பவர் திருப்பிப் பார்க்காமல் விலை சொல்வதில்லை. இங்கேயும் அப்படித்தான்.

நேர்மாறான தவறும் நடக்கும். காம்பில்லாத பாலிப் ஒரு மடிப்பின் நுனியில் உட்கார்ந்திருந்தால், அந்த மடிப்பே காம்பு மாதிரி தோன்றும். காற்றைக் கூட்டிப் பாருங்கள். மடிப்பு விரிந்து காணாமல் போனால் அது காம்பில்லை.

படி 3: காம்பு இல்லையென்றால் உயரத்தை அளங்கள்

பயிற்சியில் இருப்பவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். காம்பற்றதும் தட்டையானதும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு.

மூடிய பயாப்ஸி ஃபோர்செப்ஸின் தாடை சுமார் 2.5 மி.மீ. தடிமன் இருக்கும். அதைப் பாலிப்புக்குப் பக்கத்தில், குடல் சுவரை ஒட்டிப் படுக்க வையுங்கள். பாலிப் அதைவிட உயரமாக இருந்தால் `0-Is`. அதற்குக் கீழே இருந்தால் லேசாக மேடான தட்டை வகை, `0-IIa`. சுவரோடு சமமாகவே இருந்தால் `0-IIb`. சுவரைவிடத் தாழ்ந்து பள்ளமாக இருந்தால் `0-IIc`. மேட்டின் நடுவே பள்ளம் என்று இரண்டும் சேர்ந்திருந்தால் சேர்த்தே எழுதலாம்: `0-IIa+IIc`.

ஒரே படத்தை இரண்டு அனுபவசாலிகளிடம் காட்டினால் `0-Is`, `0-IIa` என்று பிரிந்து சொல்வது சாதாரணம். அதனால் கூச்சப்பட வேண்டாம். குறியீட்டோடு "ஃபோர்செப்ஸைவிடச் சற்று உயரம்" என்று ஒரு வரியும் எழுதிவிட்டால் படிப்பவருக்கு நீங்கள் பார்த்தது புரிந்துவிடும்.

அகலத்தைக் கண்மதிப்பில் எழுதாதீர்கள். கேமரா லென்ஸுக்குக் கிட்டே இருப்பதெல்லாம் பெரிதாகத் தெரியும். 15 மி.மீ. ஸ்னேரைப் பாலிப்பின் அதே தளத்தில் விரித்து வைத்து ஒப்பிடுங்கள். ஸ்னேரின் அளவு உறையிலேயே அச்சாகியிருக்கும். சிக்மாய்டு பாலிப்பின் தலை அந்த வளையத்துக்குச் சரியாக இருந்தது, எனவே 15 மி.மீ. ஏறுகுடலில் இருந்தது சுமார் 12.

படி 4: பள்ளத்தைத் தேடுங்கள்

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். இரண்டில் எது ஆபத்து?

காம்புள்ள பாலிப்பில் புற்று வராது என்று யாரும் நினைக்க வேண்டாம், வரும். ஆனால் புற்று தலைக்குள்ளேயே நின்றிருந்தால், குடல் சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு காம்பு தூரம் இருக்கிறது. காம்பில் வெட்டி எடுத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. தட்டையான பாலிப்புக்கு அந்த இடைவெளி கிடையாது. அது கீழே இறங்கினால் நேராகக் குடல் சுவரின் அடுத்த அடுக்கான சப்மியூக்கோசாவுக்குத்தான். அதிலும் பள்ளம் விழுந்த வகை, அளவில் சிறியதாக இருக்கும்போதே இறங்கிவிடும் சுபாவம் உள்ளது. மேடு நம் கண்ணை இழுக்கும். நாம் தேட வேண்டியதோ பள்ளம்.

தேடும் விதம் இப்படி. நீர்த்த இண்டிகோ கார்மின் என்ற நீலச் சாயத்தைப் பாலிப்பின் மேல் தெளியுங்கள். அது தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கும். தேங்கிய நீலத்துக்குக் கூர்மையான, தெளிவான விளிம்பு இருந்தால் அது உண்மையான பள்ளம். ஓரம் மங்கலாக, வாய்க்கால் போல ஓடினால் அது மேடுகளுக்கு இடையிலான வெறும் இடுக்கு. எங்கள் நோயாளியின் ஏறுகுடல் பாலிப்பில் நடுவே வட்டமாக நீலம் தேங்கியது, விளிம்பும் வெட்டினாற்போல் இருந்தது.

பள்ளம் கண்டவுடன் இன்னும் மூன்றைப் பாருங்கள். முதலாவது, சுற்றியுள்ள மடிப்புகள் பாலிப்பை நோக்கி இழுபட்டு ஒன்றுகூடுகின்றனவா? கீழே ஏதோ பிடித்து இழுக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது, காற்றைக் கூட்டிக் குறைக்கும்போது வடிவம் மாறுகிறதா, விறைத்து அப்படியே நிற்கிறதா? விறைப்பு நல்லதல்ல. மூன்றாவது, மேற்பரப்பின் கோலம். என்.பி.ஐ. என்ற குறுகிய அலைவரிசை ஒளியில் சாதாரண அடினோமாவுக்குக் குழாய் வரிசைகள் போல ஓர் ஒழுங்கு இருக்கும். அந்த ஒழுங்கு கலைந்தோ, அடியோடு அழிந்து வழுவழுவென்றோ தெரிந்தால் கவலைப்பட வேண்டும். தொடாமலே ரத்தம் கசிவது, புண் இருப்பது இரண்டும் இதே வரிசை.

காம்புள்ளதில் கவலை தரும் அறிகுறிகள் கொஞ்சம் வேறு. ஃபோர்செப்ஸால் தள்ளும்போது தலை கல்லாக இருக்கிறதா, உச்சியில் புண்ணோ குழியோ இருக்கிறதா, காம்பு தடித்து விறைத்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் சிக்மாய்டு பாலிப்பின் தலை மெத்தென்று இருந்தது, காம்பு தாராளமாக ஆடியது, என்.பி.ஐ.யில் ஒழுங்கும் கெடவில்லை. ரத்தம் போனது அதிலிருந்துதான், ஆனால் கவலை அதில் இல்லை.

படி 5: கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

சந்தேகமான தட்டைப் பாலிப்பைப் பார்த்ததும் இரண்டு துண்டு பயாப்ஸி எடுத்து அனுப்பத் தோன்றும். எண்டோஸ்கோப்பி மூலமே எடுத்துவிட வாய்ப்புள்ள பாலிப்பில் அதைச் செய்யாதீர்கள். கிள்ளிய இடத்தில் தழும்பு விழும். பிறகு மேல் மருத்துவமனையில் அடியில் திரவம் செலுத்தித் தூக்கப் பார்த்தால், தழும்பு பிடித்துக்கொண்டு பாலிப் எழும்பாது. புற்று ஆழமாக இறங்கியிருந்தாலும் எழும்பாது. எதனால் எழும்பவில்லை என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடும். பழக ஆரம்பித்த காலத்தில் நான் ஓர் அடினோமாவை இப்படிக் கிள்ளி அனுப்பினேன். அந்த நோயாளி தேவையில்லாமல் இரண்டாவது முறை பெங்களூரு போய் வர வேண்டியிருந்தது. ஆழமாக இறங்கிய அறிகுறிகள் தெளிவாக இருந்து, அறுவை சிகிச்சைதான் என்று முடிவானால் பயாப்ஸி வேண்டும். அந்த முடிவை எடுக்கக்கூடியவர் எடுக்கட்டும்.

நாம் செய்யக்கூடியது அடையாளம் இடுவது. பாலிப்பிலிருந்து ஆசனவாய்ப் பக்கமாக சுமார் 3 செ.மீ. தள்ளி, கார்பன் மையால் பச்சை குத்துவது. பாலிப்பின் அடியில் குத்தினால் அதுவும் தழும்பாகும். எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் குத்தினோம் என்று கட்டாயம் எழுத வேண்டும்.

அந்த ரிப்போர்ட், திரும்ப எழுதியபோது

> 1. சிக்மாய்டு: `0-Ip`. தலை 15 மி.மீ. (ஸ்னேரோடு ஒப்பிட்டது), காம்பு சுமார் 1 செ.மீ. மெத்தென்று உள்ளது, புண் இல்லை, மேற்பரப்பு ஒழுங்கு கெடவில்லை. ஸ்னேரால் முழுதாக அகற்றி, பயாப்ஸிக்கு அனுப்பப்பட்டது.
>
> 2. ஏறுகுடல், மடிப்பின் மேல்: `0-IIa+IIc`. 12 மி.மீ., உயரம் மூடிய ஃபோர்செப்ஸைவிடக் குறைவு. சாயத்தில் தெளிவான விளிம்புள்ள பள்ளம், இரண்டு மடிப்புகள் இழுபட்டுள்ளன. பயாப்ஸி எடுக்கவில்லை. ஆசனவாய்ப் பக்கம் 3 செ.மீ. தள்ளி மை அடையாளம். உடனடி மேல் மதிப்பீட்டுக்குப் பரிந்துரை.

இதோடு படங்களையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்து நோயாளியைச் சேலத்துக்கு அனுப்பினோம். முதலாவது சாதாரண டியூபுலர் அடினோமா என்று வந்தது. இரண்டாவதின் பள்ளத்தில் ஒழுங்கு அடியோடு அழிந்திருப்பதை அங்கே உருப்பெருக்கிப் பார்த்துவிட்டு, பயாப்ஸி எடுத்து, அறுவை சிகிச்சை செய்தார்கள். புற்று சப்மியூக்கோசாவில் இறங்கியிருந்தது, நிணநீர்க் கணுக்களுக்குப் போகவில்லை. 12 மி.மீ. பாலிப் குடலின் வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. நாங்கள் வைத்த கருப்பு மையைப் பார்த்துத்தான் எந்தத் துண்டை எடுப்பது என்று முடிவு செய்ததாக அறுவை சிகிச்சை நிபுணர் போனில் சொன்னார். பயிற்சி மருத்துவரிடம் போனைக் கொடுத்தேன், அவரே கேட்கட்டும் என்று.