அருகிலிருப்பவரின் உரத்த குரல்: நான் பேசித் தீர்த்த விதம்

தடுப்புச் சுவர்கள் இல்லாத எங்கள் அலுவலகத்தில் என் அருகே அமர்ந்திருப்பவர் நேரில் மெதுவாகவே பேசுவார். ஹெட்செட்டை மாட்டியதும் அவருடைய குரல் உயர்ந்துவிடும். இரு காதுகளையும் மூடும் ஹெட்செட், பேசுபவரின் குரலையும் அவர் காதுக்கு மங்கலாக்கிவிடுவதால், அவர் தம்மையறியாமலேயே உரக்கப் பேசுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. எனவே, பழக்கத்தைக் குறைகூறாமல் கருவியைப் பற்றியே பேசுவதென்று முடிவு செய்தேன். அழைப்பின் நடுவே சைகை காட்டுவதைத் தவிர்த்தேன். எதிர்முனையில் வாடிக்கையாளர் இருக்கும்போது அது அவமதிப்பாகவே படும்.

அவர் தனியே இருந்த நேரத்தில், "இந்த ஹெட்செட்டில் உங்கள் குரல் உங்களுக்குச் சரியாகக் கேட்கிறதா? நீங்கள் அழைப்பில் பேசும் ஒவ்வொரு சொல்லும் என் இருக்கைவரை வருவதால் எனக்குக் கவனம் சிதறுகிறது" என்றேன்.

"அவ்வளவு சத்தமாகவா பேசுகிறேன்?" என்று வியந்தார்.

பேசுபவரின் குரலை அவருக்கே திருப்பிக் கேட்கச் செய்யும் 'சைட்டோன்' என்னும் அமைப்பை ஹெட்செட்டின் செயலியில் இருவருமாகத் தேடி, நடுத்தர அளவுக்கு உயர்த்தினோம். (எல்லா ஹெட்செட்டுகளிலும் இது இருப்பதில்லை, இல்லாதபோது ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்வது ஓரளவு உதவும்.) குரல் தணிந்தது. இணைப்பு மோசமாகும்போது மட்டும் மீண்டும் உயர்கிறது. அப்போது மேசையை மெல்லத் தட்டும்படி அவரே சொல்லியிருக்கிறார்.