கெச்சியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: நண்பர் வைத்த விருந்துக்குப் போக முடியாமல் போனால்

சீனாவில் ஷாவ்ஷிங் பக்கம் கெச்சியாவ் ஜவுளிச் சந்தைக்கு ஈரோட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பிள்ளைகள் வருவதால் இதை எழுதுகிறேன். வந்தவுடன் செய்ய வேண்டிய காகித வேலை உங்களுக்கே தெரிந்திருக்கும். வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு செய்யுங்கள், வேலை விசாவில் வந்திருந்தால் 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட்டைக் காட்டி சிம், அப்புறம் வங்கிக் கணக்கு, அதை WeChat-இல் இணைப்பது. இதெல்லாம் யாராவது கூட வந்து முடித்துக் கொடுத்துவிடுவார்கள். யாரும் சொல்லித் தராத ஒன்றில்தான் என் கூட இருக்கும் தம்பி ஒருவன் மாட்டிக்கொண்டான்.

தம்பிக்குச் சீன நண்பர் ஒருவர், அவனைவிடப் பத்து வயது மூத்தவர், துணி விஷயத்தில் நிறைய உதவியவர். ஒரு நாள் தன் நண்பர்கள் ஐந்தாறு பேரையும் கூப்பிட்டு உணவகத்தில் தனி அறை எடுத்து விருந்து வைத்தார். இங்கே அந்த அறையில் உட்காருவதற்கு ஒரு வரிசை உண்டு. வாசலைப் பார்த்த இருக்கை விருந்து வைப்பவருக்கு, அவருக்கு வலப்பக்கம் முக்கிய விருந்தாளிக்கு. அன்றைக்கு அந்த வலப்பக்க நாற்காலி தம்பிக்கு. குளிர்ந்த பதார்த்தங்களை முதலில் வைத்துவிட்டு, ஆள் வந்த பிறகுதான் சூடானவற்றைக் கொண்டுவரச் சொல்வார்கள். கிடங்கில் சரக்கு ஏற்றும் தகராறில் தம்பி மாட்டிக்கொண்டான், போனும் உயிர்விட்டது, போகவில்லை. எல்லோர் கண் முன்னாலும் காலி நாற்காலியின் பக்கத்தில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். இலை போட்டுத் தண்ணீர் தெளித்த பிறகு ஆள் வராமல் போனால் நம் வீட்டில் எப்படி இருக்கும், அதேதான்.

போகாதது கூடப் பெரிதில்லை, சரக்கு வேலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். காரியத்தைக் கெடுத்தது மறுநாள் காலையில் அவன் எழுதிய செய்தி. எல்லோரும் இருக்கும் குழுவிலேயே எழுதினான்: மன்னிக்கவும், கிடங்கில் சிக்கல், எப்படியும் நான் சைவம், அங்கே எனக்குச் சாப்பிட எதுவும் இருந்திருக்காது, அதனால் கவலைப்படாதீர்கள் என்று. அவரை ஆறுதல்படுத்துவதாக நினைத்து எழுதியது. ஆனால் அவர் முந்தைய நாளே சமையற்காரரிடம் பேசி, கத்திரிக்காயிலும் பீன்ஸிலும் கொத்துக்கறி போடாமல் தனியாகச் செய்யச் சொல்லியிருந்தார். மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். விருந்தாளிக்கு என்ன வேண்டும் என்று தெரியாதவர் என்று அவரை அவர் நண்பர்கள் முன்னாலேயே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. WeChat-இல் அனுப்பியதைத் திரும்பப் பெற 2 நிமிடம்தான் உண்டு, நான் பார்த்துச் சொல்வதற்குள் அது போய்விட்டது.

அவர் 没事 (மெய் ஷி, பரவாயில்லை) என்று ஒரே ஒரு தடவை எழுதினார். தம்பி அதை நம்பிவிட்டான். மனம் சரியாக இருந்தால் பெரும்பாலும் 没事没事 என்று இரட்டித்து, பக்கத்திலேயே வேலைதான் முக்கியம் என்றோ வேறு ஏதாவதோ எழுதுவார்கள். ஒற்றையாக வந்து, அப்புறம் துணி விலை கேட்டால் நம் ‘ம்’ போன்ற வெறும் 嗯 மட்டும் பதிலாக வர ஆரம்பித்தால் சரியாக இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். இவன் கேட்டபோது அப்படித்தான் வந்தது. எனக்கு இதில் கோபம் வருவது தம்பி மேல் இல்லை. அவனைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் துணியின் கிராம் கணக்கு வரை சொல்லிக் கொடுத்தார்கள், இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நம் ஊரில் காரணத்தை எவ்வளவு விளக்கமாகச் சொல்கிறோமோ அவ்வளவு மனசார மன்னிப்புக் கேட்டதாக எடுத்துக்கொள்வார்கள். இங்கே காரணம் இரண்டு வார்த்தைக்கு மேல் வேண்டாம். திடீரென்று ஓர் அவசர வேலை, நகர முடியவில்லை, போதும். என்ன வேலை என்று அவர் கேட்கமாட்டார், கேட்காமல் இருப்பது அவர் நமக்குக் கொடுக்கும் மரியாதை. உடம்பு சரியில்லை என்று பொய் மட்டும் எழுதாதீர்கள், பழத்தோடு வீட்டுக்கு வந்து நிற்பார்கள். மீதி வரிகள் முழுக்க அவருடைய சிரமத்தைப் பற்றி இருக்க வேண்டும்.

இரண்டு செய்தி அனுப்ப வேண்டும். முதலில் அவருக்குத் தனியாக. அவர் பெயர் வாங் என்று வைத்துக்கொண்டால் இப்படி:

```
王哥，昨晚实在抱歉！临时有点急事走不开，
让你费心准备，还让大家等我，心里特别过意不去。
这周六晚上我做东，给你赔个不是，
到时候我以茶代酒，先自罚三杯。王哥务必赏光！
```

வாங் அண்ணா, நேற்று ராத்திரிக்கு உண்மையிலேயே மன்னிக்க வேண்டும், திடீரென்று ஓர் அவசரம், நகர முடியவில்லை. நீங்கள் அவ்வளவு மெனக்கெட்டு ஏற்பாடு செய்தீர்கள், எல்லோரையும் காக்க வைத்துவிட்டேன், மனசு கேட்கவில்லை. இந்தச் சனிக்கிழமை ராத்திரி என் செலவில் விருந்து, அங்கே வந்து தப்பை ஒப்புக்கொள்கிறேன், மதுவுக்குப் பதில் தேநீரால் மூன்று கோப்பை எனக்கு நானே தண்டனை, நீங்கள் அவசியம் வர வேண்டும். குடிக்காதவர்களுக்கு அந்தத் தேநீர் வரி ரொம்ப உதவும், இங்கே அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கடைசி வரியில் அவர் வருவதே நமக்குக் கிடைக்கும் கௌரவம் என்று ஆகிறது, நேற்று அவர் இழந்தது அங்கேதான் திரும்புகிறது. கிழமையை எழுதாமல் 改天 (காய் தியென், இன்னொரு நாள்) என்று மட்டும் விட்டால் அது வெறும் உபசார வார்த்தையாகப் போய்விடும்.

அப்புறம் குழுவில் சின்னதாக:

```
昨晚没能到，扫了大家的兴，不好意思！
王哥安排得那么周到，是我没口福。
```

நேற்று வர முடியவில்லை, எல்லோருடைய உற்சாகத்தையும் கெடுத்துவிட்டேன், வாங் அண்ணன் அவ்வளவு நிறைவாக ஏற்பாடு செய்திருந்தார், சாப்பிட எனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை என்று பொருள். விருந்தில் குறை இல்லை, குறை என் பாக்கியத்தில்தான் என்பதை அவர் நண்பர்கள் படிக்க வேண்டும். காரணமே இங்கே வேண்டாம்.

இரண்டையும் அன்றைக்கு ராத்திரியே அனுப்பினால் நல்லது, அப்போது நேற்று ராத்திரி என்னும் 昨晚 இருக்கும் இடத்தில் இன்று ராத்திரி என்னும் 今晚 போடுங்கள். மறுநாள் காலையைத் தாண்டக் கூடாது. குரல் செய்தி வேண்டாம், பக்கத்தில் ஆள் இருக்கும்போது அவரால் கேட்க முடியாது. சிவப்புக் கவரில் பணம் அனுப்புவதும் வேண்டாம், சாப்பாட்டுக் கணக்கைத் தீர்ப்பது மாதிரி இருக்கும்.

பதிலுக்கு வேண்டாம் வேண்டாம், இவ்வளவு உபசாரம் எதற்கு என்றுதான் முதலில் எழுதுவார். அதை மறுப்பாக எடுத்துக்கொண்டு நிறுத்திவிடாதீர்கள், இன்னொரு தடவை கூப்பிடுங்கள். சனிக்கிழமை வேலை இருக்கிறது என்று சொல்லி வேறு நாளும் தராவிட்டால் ஒரே ஒரு முறை நாளை மாற்றிக் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள், பிறகு நல்ல தேயிலை ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு அவர் கடைக்கே போய் வாருங்கள்.

தம்பியை இந்த இரண்டு செய்தியையும் எழுத வைத்தேன், தாமதமாகத்தான். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது வந்தார், அதே நண்பர்களில் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். உங்களுக்கும் அப்படி வந்தால் கடைசித் தட்டு மேசைக்கு வரும் முன்பே கல்லாவுக்குப் போய்ப் பணத்தைக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கை கழுவப் போவது போல எழுந்து போய் அவரே கட்டிவிடுவார்.