மூணு நாலு அஞ்சு பிடிச்சும் மூலை சரியா வரல, நான் சரி பண்ணது

30க்கு 40 அடி கட்டடத்துக்கு முளை அடிச்சு நூல் கட்டினோம், முன்பக்கம் 30 அடி. முன் மூலைல ஒரு நூல்ல 3 அடி, இன்னொண்ணுல 4 அடி குறிச்சு குறுக்கே 5 அடி வந்துருச்சு, சரின்னு விட்டுட்டேன். அப்புறம் டயகனல் பிடிச்சா ஒண்ணு 50 அடி இரண்டரை இஞ்ச், இன்னொண்ணு 49 அடி ஒன்பதரை இஞ்ச். ரெண்டும் 50 அடி வரணும்.

5 அடில கால் இஞ்ச் கூடுதலா இருந்துருக்கு, டேப் கொக்கி ஆடுது. அந்தக் கால் இஞ்ச் 40 அடி போறப்ப நாலு இஞ்சுக்கு மேல சாய்ச்சிருச்சு. அதனால டேப்ப 1 அடி கோட்டுலருந்து பிடிச்சு (கடைசில 1 அடி கழிக்க மறக்காதீங்க) 12, 16, 20ன்னு பெருசா முக்கோணம் போட்டேன், அதே கால் இஞ்ச் தப்பு வந்தாலும் சாய்வு கால்வாசிதான். பின்பக்க முளை ரெண்டையும் பெரிய டயகனல் குறையுற பக்கமா நாலு இஞ்ச் சொச்சம் தள்ளி, டேப் தொய்யாம மட்டமா பிடிச்சு திரும்ப அளந்தா ரெண்டும் 50.

எதிரெதிர் பக்கத்தையும் அளந்துருங்க, முன்பக்கம் 30 பின்பக்கம் 29 இருந்தாலும் டயகனல் ரெண்டும் ஒண்ணா வரலாம்.