பவர்லைன் அடாப்டர்: தவறு பெட்டியில் இல்லை, ப்ளக் பாயிண்டில்

சித்தப்பா வீட்டில் ரூட்டர் மாடியில், டிவி கீழே ஹாலில். நடுவே கான்கிரீட் தளம் இருப்பதால் வைஃபை கீழே வருவதற்குள் சோர்ந்துவிடும். சுவரைத் துளைத்து கேபிள் இழுக்கச் சித்தி சம்மதிக்கவில்லை. அதனால் ஒரு ஜோடி பவர்லைன் அடாப்டர் வாங்கினார்கள். ஒன்றை ரூட்டரோடும் மற்றதை டிவியோடும் லேன் கேபிளால் இணைத்துவிட்டு, இரண்டையும் கரண்ட் ப்ளக்கில் செருகினால் போதும். வீட்டு ஒயரிங்கே நெட்டைச் சுமந்து வரும்.

செருகினார்கள். ஆனால் படம் முன்பைவிட அதிகமாக நின்றது. நான் போய் டிவியில் இருந்த லேன் கேபிளைக் கழற்றி லேப்டாப்பில் மாட்டி, வைஃபையை அணைத்துவிட்டு fast.com பார்த்தேன். 8 எம்பிபிஎஸ்தான் வந்தது. அவர்களுடைய நெட் பிளான் 100.

இரண்டு அடாப்டரும் ஸ்பைக் பஸ்டரில் இருந்தன. பலரும் செய்யும் முதல் தவறு இதுதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் மேல் 2 மெகாஹெர்ட்ஸுக்கும் அதிகமான அலைகளை ஏற்றித்தான் அடாப்டர் தகவலை அனுப்புகிறது. ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் ஃபில்டர், இப்படிப்பட்ட வேகமான அலைகளைக் கோளாறு என்று எண்ணி அடக்கிவிடும். ஆகவே அடாப்டரை நேராகச் சுவர் ப்ளக்கில் செருக வேண்டும். ஒரே ஒரு ப்ளக்தான் இருக்கிறது என்றால், முகப்பிலேயே இன்னொரு ப்ளக் துளை உள்ள அடாப்டராகப் பார்த்து வாங்கி, ஸ்பைக் பஸ்டரை அதில் செருகலாம்.

சுவருக்கு மாற்றியதும் 22 வந்தது. நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பது 15தான் என்பதால் அது போதும் போலத் தோன்றியது. ஆனால் சாயங்காலம் மறுபடி இறங்கியது.

அந்த வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் இணைப்பு. ஒரு ஃபேஸ் போய்விட்டால் சில அறைகள் மட்டும் இருட்டாகுமே, அந்த மாதிரி வீடு. மாடி ரூம் ஒரு ஃபேஸில், ஹால் இன்னொன்றில் இருந்தது. ஃபேஸ் மாறும்போது அடாப்டரின் சிக்னலுக்கு நேரான கம்பி வழி கிடையாது. பக்கத்தில் பக்கத்தில் ஓடும் ஒயர்கள் வழியாகக் கசிந்துதான் அது போய்ச் சேர்கிறது. அப்படிப் பலவீனமாக வரும் சிக்னலை ஒரு மட்டமான போன் சார்ஜரோ எல்இடி பல்போ எழுப்பும் இரைச்சலே மூழ்கடித்துவிடும். சாயங்காலம் விளக்குகளைப் போட்டதும் வேகம் விழுந்தது அதனால்தான். எந்த அறை எந்த ஃபேஸ் என்பதை வீட்டுக்கு ஒயரிங் செய்த எலக்ட்ரீசியன் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். டெஸ்டரை எடுத்து நீங்களே போர்டில் கை வைக்காதீர்கள். இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400 வோல்ட் இருக்கும்.

எலக்ட்ரீசியன் பார்த்ததில், ஹாலை ஒட்டிய சாப்பாட்டு அறை ப்ளக் மாடியின் ஃபேஸிலேயே இருந்தது. அடாப்டரை அங்கே மாற்றி, சுவரோரமாக 5 மீட்டர் லேன் கேபிள் விட்டு டிவியில் இணைத்தோம். 64 வந்தது, இரவிலும் குறையவில்லை. அடாப்டர் டிவிக்குப் பின்னாலேயே இருந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஏற்ற ப்ளக் எங்கே இருக்கிறதோ அங்கே வைத்து, மிச்ச தூரத்தை லேன் கேபிளால் கடந்துவிடலாம்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரு அடாப்டர் இன்வெர்ட்டர் லைனிலும் மற்றது நேரடி இபி லைனிலும் இருந்தால், கரண்ட் இருக்கும்போதே சிக்னல் இன்வெர்ட்டரைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது. கரண்ட் போனால் தொடர்பு அடியோடு அறுந்துவிடும். இரண்டும் ஒரே பக்கம் இருக்கட்டும்.

பெட்டியில் 600, 1200 என்று இருப்பதைப் பார்த்து அதிக விலை கொடுக்க வேண்டாம். அது மின்கம்பியில் போகவும் வரவும் சேர்த்துச் சொல்லும் உச்சக் கணக்கு. 600 என்று விற்கும் பல மாடல்களில் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட்டும் அவ்வளவே.

அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் இரண்டு அடாப்டரிலும் உள்ள Pair பட்டனைக் கட்டாயம் அழுத்துங்கள். ஒன்றில் அழுத்தியபின் இரண்டு நிமிடத்துக்குள் மற்றதிலும் அழுத்த வேண்டும். அப்போதுதான் அந்த ஜோடிக்கென்று தனிச் சாவி உருவாகும். அழுத்தாமல் விட்டால், கம்பெனி போட்ட பொதுச் சாவியோடு இருக்கும் பக்கத்து வீட்டு அடாப்டரும் உங்கள் நெட்டில் வந்து சேர வாய்ப்பு உண்டு.

மாடிக்கும் கீழுக்கும் தனித்தனி இபி மீட்டர் இருந்தால் மட்டும் இதை வாங்க வேண்டாம் என்பேன். சிக்னல் இரண்டு மீட்டரையும் தாண்டி வர வேண்டும். வந்தாலும் நம்பி உட்கார முடியாது. அந்த வீட்டில் வெளிப்புறக் கேட்6 கேபிளை மாடி ஜன்னல் வழியாக இறக்கி, சன்ஷேடை ஒட்டிக் கீழ் ஜன்னலுக்குக் கொண்டுவருவதே சரி.