கால் குடைச்சலும் கெட்ட தூக்கமும்: மருத்துவரிடம் போவதற்கு முன் செய்ய வேண்டியவை

பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் சித்திக்கு வயது 46. குறுவை நடவு முடிந்ததிலிருந்து ஐந்து வாரமாகத் தூக்கமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நடவுக் களைப்பு, வெக்கை, மகளின் கல்யாணக் கவலை என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னோமே தவிர, படுத்த பிறகு என்னதான் நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கண்டறிந்த முறையை, நீங்களும் செய்துபார்க்கும்படி இங்கே எழுதுகிறேன்.

படி 1: இரண்டு வாரக் குறிப்பு

ஒரு நோட்டில் தினமும் காலையில் எழுந்ததும் எழுத வேண்டும். இரவில் கடிகாரம் பார்த்து எழுதினால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால் தோராயமான நேரம் போதும். படுத்த நேரம், தூங்கிய நேரம், எத்தனை முறை விழித்தீர்கள், எழுந்த நேரம், பகல் தூக்கம், கடைசியாகக் காபி குடித்த நேரம், போட்ட மாத்திரை ஆகியவற்றுடன், விழிக்க வைத்தது எது என்பதையும் எழுதுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது அதுதான். சிறுநீருக்காகவா, இருமலா, வலியா, மூச்சு முட்டியதா, மனக்கவலையா என்பதைப் பொறுத்து மருத்துவர் யோசிக்கும் திசையே மாறிவிடும்.

சித்தியின் நோட்டில் 14 நாளில் 11 நாள் ஒரே வரி இருந்தது: "கால் குடைச்சல், எழுந்து நடந்தேன்."

படி 2: நான்கு கேள்விகள்

கால் குடைச்சல் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஆகவே இவற்றைக் கேளுங்கள். காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற உந்துதல் வருகிறதா? சும்மா உட்காரும்போதும் படுக்கும்போதும் அது அதிகமாகிறதா? எழுந்து நடந்தால், நடக்கும் வரையிலாவது குறைகிறதா? பகலைவிட மாலையிலும் இரவிலும் கூடுகிறதா?

"வலின்னு சொல்ல முடியாதுப்பா, உள்ளுக்குள்ள ஏதோ ஊர்ற மாதிரி இருக்கு, திண்ணைக்கும் வாசலுக்கும் நடந்தா அடங்குது, படுத்தா மறுபடி வந்துருது" என்றார் சித்தி. நான்குக்கும் ஆம் என்றால் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்ற நிலையைச் சந்தேகிக்க வேண்டும். கெண்டைக்கால் திடீரென்று கல்லாக இறுகி வலிப்பது வேறு; அது தசைப்பிடிப்பு. நடந்தாலும் குறையாமல் பாதம் எரிவது, மரத்துப்போவது போன்றவை சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டதைக் குறிக்கலாம்.

படி 3: மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோங்கள்

சித்தி மருந்துக் கடையில் தூக்கத்துக்கென்று கேட்டு வாங்கியது, சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் குளோர்பெனிரமின் மாத்திரை. மயக்கம் தரும் இந்த வகை மாத்திரைகளே கால் குடைச்சலை அதிகமாக்கக்கூடும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோக்ளோபிரமைடும், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் அப்படித்தான். மருத்துவர் எழுதிக்கொடுத்ததை நீங்களாக நிறுத்தாமல், அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

படி 4: சொல்ல வேண்டியது

"தூக்கம் வரவில்லை டாக்டர்" என்று மட்டும் சொன்னால் தூக்க மாத்திரையோடு திரும்பிவர நேரலாம். சித்தி சொன்னது இது: "ஐந்து வாரமாக, வாரத்தில் ஐந்தாறு நாள், படுத்ததும் காலை அசைக்கத் தோன்றுகிறது, நடந்தால் குறைகிறது. ஒரு வருஷமாக மாதவிடாய் எட்டு நாள் நீடிக்கிறது, கட்டி கட்டியாகப் போகிறது."

கடைசி வாக்கியத்தைச் சொல்ல அவர் மிகவும் கூச்சப்பட்டார். ஆனால் முடிச்சு அவிழ்ந்தது அங்கேதான். அதிக இரத்தப்போக்கால் உடலின் இரும்புச்சத்து குறைகிறது. மூளையில் இரும்பு குறைவது இந்தக் குடைச்சலுக்கு ஒரு முக்கியக் காரணம். கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்தாலும் தவறாமல் சொல்லுங்கள்.

குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருவது, மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்கார வேண்டியிருப்பது, படபடப்போடு எடை குறைவது ஆகியவை வேறு நோய்களின் அறிகுறிகள். இவற்றுக்கு இரண்டு வாரக் குறிப்பு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

படி 5: பரிசோதனைத் தாளைப் படிப்பது

சித்திக்கு ஹீமோகுளோபின் 12.1 இருந்தது, இரத்தசோகை இல்லை என்று நாங்கள் நிம்மதியடைந்தோம். அது தவறு. இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 18தான் இருந்தது. ஆய்வகத் தாளில் அது இயல்பு வரம்புக்குள்ளேயே அச்சாகியிருந்தது, ஆனால் இந்தக் கால் குடைச்சல் உள்ள பெரியவர்களுக்கு 75 அல்லது அதற்குக் குறைவாக இருந்தாலே இரும்பு கொடுப்பதைப் பரிசீலிக்கிறார்கள். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து தெரியும் என்பதால், அது தீர்ந்த பிறகு பரிசோதிப்பது நல்லது. சோதிக்காமல் இரும்பு மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்திருந்தால், குடலில் இரத்தம் கசிகிறதா என்று பார்ப்பது அவசியம்.

சித்திக்கு இரும்பு மாத்திரையோடு கர்ப்பப்பை ஸ்கேனும் எழுதினார்கள். மாத்திரையைக் காபியோடு போட்டால் இரும்பு சரியாக உடலில் சேராது என்பதால், விடியற்காலை டம்ளர் காபி ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. அதுதான் அவருக்குப் பெரிய வருத்தம். மலம் கறுப்பதைக் கண்டு பயந்தவருக்கு அது மாத்திரையால் வருவது என்று விளக்கினோம். பலன் உடனே தெரியவில்லை. ஏழாவது வாரத்தில்தான் நோட்டில் "எழவில்லை" என்ற வரி முதன்முதலாக வந்தது. மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினை மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை நோட்டு தலையணைக்கடியில்தான் இருக்கும்.