ஓடர் எண் முதலில், மாசிச் சம்பல் பிறகு

திருகோணமலையிலிருந்து இணையத்தில் கருவாடு விற்கிறேன். பணம் கட்டியதும் தோன்றும் பக்கத்தின் உச்சியில், இவற்றையும் வாங்கலாம் என்று வேறு ஆறு பொருட்களைக் காட்டியிருந்தேன். ஓடர் எண் அவற்றுக்குக் கீழே கிடந்தது. பணம் போகவில்லை என்று எண்ணி ஓர் அம்மா இரண்டாம் தடவையும் கட்டிவிட்டார். அவருக்குத் திருப்பிக் கொடுத்த அன்றே பக்கத்தை மாற்றினேன்.

இப்போது ஓடர் எண்ணும் தொகையும் பொதி புறப்படும் நாளும் முதலில் வருகின்றன. கீழே ஒரே ஒரு பரிந்துரை, விலையோடு: "மாசிச் சம்பல், இதே பொதியில் சேர்க்கலாம், அனுப்பும் செலவு அதிகரிக்காது, மாலை 4 மணி வரை." முன்கூட்டியே சரி அடையாளம் இடுவதில்லை. சேர்த்தால் அந்தத் தொகைக்கு மட்டும் ஒப்புதல் கேட்கும். பழைய ஓடர் அப்படியே இருக்கும்.

அரைக் கிலோவை ஒரு கிலோவாக்கச் சொல்வதைக் கூடைப் பக்கத்துக்கு நகர்த்தினேன். பணம் கட்டிய பின் அதைக் கேட்டால், குறைவாக வாங்கிவிட்டீர்கள் என்று சொல்வதுபோல் ஆகிவிடுகிறது.